கிலோமீட்டர் அல்ல, மணிக்கணக்கு: எஞ்சின் ஆயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிப்பர், மிக்சர் வைத்திருப்பவர்களுடையவை. ஆயிலை இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாரண்டியில் உள்ள வண்டிக்கு இங்கே எழுதுவது எதுவும் பொருந்தாது. கையேட்டில் உள்ளபடி மாற்றிவிட்டுப் பேசாமல் இருங்கள்.

மிக்சர் வண்டிகளுக்கு 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றுகிறோம். கையேடும் அதைத்தான் சொல்கிறது. ஆனாலும் இரண்டு வண்டிகளில் எஞ்சின் சீக்கிரமே போய்விட்டது. ஆயில் போலியா? – செங்கல்பட்டு

ஆயிலைக் குறை சொல்லாதீர்கள். கையேட்டில் அந்த வரி அங்கேயே முடிவதில்லை. கிலோமீட்டர் அல்லது இத்தனை மணி, இரண்டில் எது முதலில் வருகிறதோ அது என்றுதான் இருக்கும். நீங்கள் பாதி வரியோடு நிறுத்திவிட்டீர்கள்.

உங்கள் வண்டியில் டிரம்மைச் சுற்றுவதும் வண்டியின் எஞ்சின்தான். பிளாண்டில் வரிசையில் நிற்கும்போது, நெரிசலில், கான்கிரீட் கொட்டும் இடத்தில் என நாள் முழுவதும் எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் ஓடுவதில்லை. சராசரியாக மணிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால், 20,000 கிலோமீட்டர் என்பது 2,000 மணி. இந்த வகை வேலைக்குச் சுமார் 500 மணி என்பது பரவலான கணக்கு. ஒரே ஆயிலை நான்கு மடங்கு ஓட்டியிருக்கிறீர்கள்.

மணிக்கணக்கு மீட்டர் இல்லையென்றால், மின்னணு எஞ்சின் உள்ள வண்டிகளில் ஸ்கேன் கருவியைச் செருகினால் மொத்த மணியும், அதில் சும்மா நின்று ஓடிய மணியும் தெரியும். ஜிபிஎஸ் காட்டும் மணியை அப்படியே நம்பவேண்டாம். பல கருவிகள் சாவி போட்டிருந்த நேரத்தையே எஞ்சின் ஓடிய நேரமாகக் காட்டும். இன்னொரு சரிபார்ப்பும் உண்டு. ஆயிலில் சேரும் கரியும் அமிலமும் எரிந்த டீசலிலிருந்து வருபவை. ஆகவே ஒரு ஆயில் காலத்தில் எத்தனை லிட்டர் டீசல் போனது என்று எழுதி வாருங்கள். சும்மா நின்று ஓடிய 500 மணியும், சரக்கோடு மேடேறிய 500 மணியும் ஒன்றல்ல என்பது அதில் தெரிந்துவிடும். அதற்காக நின்று ஓடும் மணியைக் கழித்துவிடாதீர்கள். எஞ்சின் போதிய சூடு ஏறாமல் ஓடும்போது எரியாத டீசலும் நீரும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

லாரிகள் எல்லாம் வடக்கே நெடுந்தூரம் ஓடுபவை. எங்களுக்கும் மணிக்கணக்கு வேண்டுமா? – சங்ககிரி

சராசரி வேகம் மாதாமாதம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கிலோமீட்டரே போதும். இறக்கும் இடத்தில் ஏசிக்காக இரவெல்லாம் எஞ்சினை ஓடவிடும் டிரைவர் இருந்தால் போதாது.

ஆயில் மாற்றி ஒரு வாரத்தில் கறுத்துவிட்டது. மாற்றலாமா?

வேண்டாம். கரியைப் பிடித்து மிதக்கவைப்பதுதான் டீசல் எஞ்சின் ஆயிலின் வேலை. கறுத்திருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. நிறத்தைப் பார்த்து மாற்றுபவருக்குச் சோதனைக்கூடம் எதற்கு?

கல்குவாரியில் ஆறு டிப்பர்கள். எல்லாம் ஒரே மாடல், ஒரே 15டபிள்யூ-40 ஆயில், சம்ப் 22 லிட்டர். 500 மணிக்கு மாற்றுகிறோம். 250 மணியிலும் 500 மணியிலும் எடுத்த ஆயில் சோதனை அறிக்கைகளை இணைத்துள்ளேன். நேரே 1,000 மணிக்குப் போகலாமா? – கரூர்

முறையாக எழுதியிருக்கிறீர்கள், முறையாகவே பதில் சொல்கிறேன். 1,000 மணி கூடாது. ஐந்து வண்டிகளுக்கு 700 வரை போக வழி தெரிகிறது. ஆறாவது வண்டி இப்போது இருக்கும் 500 மணிக்கே தகுதியில்லாதது.

முதலில் அந்த ஐந்து. எஞ்சின் தேய்ந்து ஆயிலில் சேரும் இரும்பு 250 மணியில் 17 பிபிஎம், 500 மணியில் 36 வாக்கில் இருக்கிறது. அதாவது 100 மணிக்கு ஏழு என்று ஒரே சீராகத் தேய்கிறது. நான் பார்ப்பது அந்த ஏழைத்தான். 36 என்ற மொத்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லமுடியாது. ஆயில் தளரத் தொடங்கினால் முதலில் இந்த வேகம்தான் கூடும். 600 மணியில் மாதிரி எடுங்கள். இரும்பு 43 பக்கம் வந்தால் 700 வரை தொடரலாம். 60 வந்தால் ஆயிலை உடனே இறக்கிவிட்டு, அடுத்த முறை 500 மணியோடு நிறுத்துங்கள். இரும்பு 100 பிபிஎம் வரை இடமிருக்கிறதே என்று நினைக்கவேண்டாம்.

அடுத்தது டிபிஎன், அதாவது அமிலத்தை அடிக்க ஆயிலில் மீதமுள்ள காரம். புது ஆயிலில் 10 இருந்தது, 500 மணியில் ஆறரை. புதியதன் பாதி, உங்களுக்கு 5, என் எல்லைக்கோடு. 700 மணியில் அதை ஒட்டித்தான் நிற்பீர்கள். 1,000 மணியை மறுத்ததற்கு இதுவே போதும். ஆனால் டிபிஎன் மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் பிஎஸ்6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். அதற்கு முந்தைய பிஎஸ்4 டீசலில் 50 இருந்தது. அமிலம் குறைந்துவிட்டதால் டிபிஎன் முன்போல் வேகமாக இறங்குவதில்லை. இன்று பல வண்டிகளில் ஆயிலின் ஆயுளை முடித்துவைப்பது கரியும் தூசியும்தான்.

உங்கள் கரி 500 மணியில் ஒன்றரை சதவீதம். மூன்று வரை பொறுத்துக்கொள்ளலாம். பிசுபிசுப்பு 100 டிகிரியில் புதிதாக 14.4 சென்டிஸ்டோக், 250 மணியில் 13.8, இப்போது 14.3. முதலில் இளகிப் பிறகு மெல்லக் கெட்டிப்படுவது வழக்கமான போக்குதான். கரியைத் தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டால் இந்த எண் திடீரென ஏறும். 600 மணி அறிக்கையில் இதையும் பாருங்கள்.

ஆறாவது வண்டிக்கு வருவோம். 500 மணியில் சிலிக்கான் 34, அலுமினியம் 15, இரும்பு 90. மூன்றும் சேர்ந்து ஏறியிருப்பதால் இது குவாரித் தூசியேதான். சிலிக்கான் மட்டும் தனியாக ஏறியிருந்தால் கேஸ்கெட் பசையாக இருக்கலாம் என்று விட்டுவிடுவேன். ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்புறம் விரலால் தடவிப் பாருங்கள். மண் ஒட்டினால் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது, அல்லது ஹோஸ் வெடித்திருக்கிறது, அல்லது உங்கள் ஆள் கம்ப்ரசர் காற்றில் அடித்து அடித்து பில்டர் காகிதத்தையே ஓட்டையாக்கியிருக்கிறார். ஆயிலை இன்றே மாற்றுங்கள். ஓட்டையை அடைக்காமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த அறிக்கையும் இதேதான்.

ஆண்டுக்கு 2,500 மணி ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். 500-லிருந்து 700-க்குப் போனால் வண்டிக்கு ஐந்து மாற்றம் மூன்றரையாகும். ஐந்து வண்டிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 155 லிட்டருக்குமேல் மிச்சம். ஆனால் ஆயில் பில்டரைப் பழையபடி 500 மணியிலேயே மாற்றுங்கள். அடைத்த பில்டரில் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகும்.

ரிப்போர்ட்டின் போட்டோவை அனுப்பியுள்ளேன். ஆயில் நல்லா இருக்கா, இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லவும்.

முடியாது. அந்தத் தாளில் ஆயில் ஓடிய மணி என்ற கட்டம் காலி. டாப்-அப் காலி. எஞ்சின் மொத்த மணி காலி. ஆயிலின் பெயர்கூட இல்லை. இரும்பு 55 என்று இருக்கிறது. 600 மணியில் 55 என்றால் பாராட்டுவேன். 150 மணியில் 55 என்றால் எஞ்சினைத் திறக்கச் சொல்வேன். எது என்று நான் ஜோசியமா பார்ப்பது?

வாரத்துக்கு நான்கு கடிதமாவது இப்படி வருகிறது. சோதனைக்கூடத்துக்குப் பணம் கட்டத் தயங்காதவர்கள் ஒரு துண்டுச்சீட்டில் நான்கு விவரங்களை எழுதச் சலித்துக்கொள்கிறார்கள். மாதிரி எடுக்கும் விதம் இன்னும் மோசம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது சம்ப் போல்ட்டைக் கழற்றி, முதலில் கொட்டுவதைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடியில் தங்கிய கசடும் நீரும்தான் அதில் இருக்கும். பழைய பில்டரைக் கவிழ்த்து ஊற்றி அனுப்பியவரும் உண்டு. அறிக்கை பயங்கரமாக வரும். பிறகு சோதனையே ஏமாற்று வேலை என்பார்கள்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். வண்டி வேலை முடித்து வந்ததும், ஆயில் சூடாக இருக்கும்போதே எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்களுக்குள் எடுங்கள். புதிய பிளாஸ்டிக் குழாயை டிப்ஸ்டிக் துளை வழியாக, ஆயிலின் நடு ஆழம் வரை மட்டும் இறக்கிக் கைப்பம்பால் இழுங்கள். டிப்ஸ்டிக்கோடு சேர்த்துப் பிடித்து நீளத்தை முன்பே குறித்துக்கொண்டால் குழாய் அடியைத் தொடாது. சோதனைக்கூடம் தரும் பாட்டிலில் 100 மில்லி போதும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே முறை. அன்றே அனுப்பிவிடுங்கள், டேஷ்போர்டில் இரண்டு வாரம் கிடந்த பாட்டில் வேண்டாம். பிரிக்காத டின்னிலிருந்து புது ஆயில் ஒரு பாட்டிலும் அனுப்புங்கள். தொடக்கம் தெரியாமல் எவ்வளவு இறங்கியது என்று எப்படிச் சொல்வது?

டாப்-அப்பை ஏன் கேட்கிறேன் என்றால், 22 லிட்டர் சம்ப்பில் இடையிடையே ஆறு லிட்டர் ஊற்றியிருந்தால் இரும்பு, கரி எல்லாம் நீர்த்துக் குறைவாகத் தெரியும், டிபிஎன் உயர்ந்து தெரியும். ஆயில் குடிக்கும் எஞ்சின்தான் தாளில் அழகாக இருக்கும். மணியும் டாப்-அப்பும் எழுதாத அறிக்கையை இனி எனக்கு அனுப்பாதீர்கள்.

பிசுபிசுப்பு 11 என்று வந்திருக்கிறது. ஆயில் 15டபிள்யூ-40. 20டபிள்யூ-50 ஊற்றினால் சரியாகுமா? – ஓசூர்

எண் சரியாகும், எஞ்சின் சரியாகாது. 40 கிரேடு 12.5-க்குக் கீழே இறங்கினால், டீசல் கலந்ததா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். அறிக்கையில் டீசல் கலப்பு ஐந்து சதவீதம் பக்கம் இருந்தால் ஆயிலை இறக்கிவிட்டு இன்ஜெக்டர்களைச் சோதியுங்கள். பிஎஸ்6 வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. புகைக்குழாய் வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்யக் கூடுதல் டீசல் பீய்ச்சப்படும். அது பாதியிலேயே திரும்பத் திரும்ப நின்றுபோனால் டீசல் ஆயிலில் இறங்கும். அந்த வண்டிக்குக் கையேடு சொல்லும் குறைந்த சாம்பல் ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

புது எஞ்சின், முதல் அறிக்கையிலேயே செம்பு 120. பேரிங் போய்விட்டதா?

ஈயமும் இரும்பும் ஏறவில்லை என்றால் ஆயில் கூலரின் செம்பு கரைந்து வருகிறது. இரண்டு மூன்று ஆயில் மாற்றத்தில் தானாக இறங்கும். ஈயமும் சேர்ந்து ஏறினால் பேரிங்கைப் பாருங்கள். வாரண்டி வண்டிதானே, ஆயில் காலத்தை நீட்டுகிற பேச்சே வேண்டாம்.

போர்வெல் ரிக் லாரி. கீழே லாரி எஞ்சின், மேலே கம்ப்ரசருக்குத் தனி எஞ்சின். இரண்டுக்கும் ஒரே நாளில் ஆயில் மாற்றுகிறோம். சரியா? – திருச்செங்கோடு

சரியில்லை. மேலே உள்ளது முழுச் சுமையில் நாள் கணக்கில் ஓடுகிறது. கீழே உள்ளது பாயிண்டுக்குப் பாயிண்ட் போகத்தான். இரண்டு மீட்டர், இரண்டு நோட்டு, இரண்டு பாட்டில்.

சோடியம் 180, பொட்டாசியம் 90 என்று வந்திருக்கிறது. மற்ற எல்லாம் நார்மல். சீசன் முடியும்வரை ஓட்டலாமா?

புது ஆயிலில் இவை இரண்டும் இல்லையென்றால், கூலண்ட் ஆயிலில் கலக்கிறது. வண்டியை இன்றே நிறுத்துங்கள். ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், இருந்தால் இஜிஆர் கூலர், இந்த மூன்றையும் பிரஷர் வைத்துப் பாருங்கள்.