மகஜரில் குற்ற எண் வந்தது எப்படி?

கேள்வி: போலீஸ் எழுதும் கைப்பற்றுதல் மகஜரையும் அதில் கையெழுத்திட்ட சாட்சிகளையும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஏன் இவ்வளவு துருவுகிறார்கள்?

கைப்பற்றுதல் மகஜர் என்பது பொருளைப் பிடித்த இடத்திலேயே சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு. பொருள் யாரிடம், எங்கே, எப்போது கிடைத்தது என்பதைப் போலீசார் அல்லாத ஒருவர் சொல்லக்கூடிய இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். அதனால் நல்ல வக்கீல் முதலில் பார்ப்பது நேரத்தை.

பேருந்து நிலையத்தில் காலை 10.30க்கு ஒருவரிடம் கஞ்சா பிடித்து அங்கேயே மகஜர் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்துக்குத் திரும்பி முதல் தகவல் அறிக்கை பதிவானது மதியம் 1 மணிக்கு. குற்ற எண் பிறப்பதே அப்போதுதான். ஆனால் 10.30 மகஜரின் தலைப்பில் அந்த எண் இருக்கிறது! பிற்பாடு சேர்த்தோம் என்று அதிகாரி சொல்லலாம். வேறு மையில், இடுக்கி எழுதியிருந்தால் அது எடுபடும். மற்ற வரிகளோடு ஒரே ஓட்டத்தில் இருந்தால், மகஜரே நிலையத்தில் எழுதப்பட்டதோ என்ற சந்தேகம் வலுக்கும்.

அடுத்து சாட்சி. அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கோடு தொடர்பில்லாத இருவர் வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 103ஆம் பிரிவு. அது வீடு, கடை போன்ற இடச் சோதனைக்கான விதி. பொது இடத்திலும் அதே அளவுகோலைத்தான் வக்கீல் கையில் எடுப்பார். எங்கே கையெழுத்திட்டீர்கள், பொட்டலத்தை உங்கள் முன் எடை போட்டார்களா என்று கேட்பார். “ஸ்டேஷனில்தான் போட்டேன்” என்று பதில் வந்தால் மேலே சொன்ன எண்ணும் இதுவும் ஒன்றையொன்று தாங்கும்.

சாட்சி பிறழ்ந்ததாலேயே வழக்கு விழாது. அதிகாரியின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அதுவே போதும். 2024 ஜூலை முதல் கைப்பற்றுதலை வீடியோ எடுக்க வேண்டும் என்பதால், இப்போது அதன் நேரத்தையும் மகஜரோடு ஒப்பிடுகிறார்கள்.