முடிவுக் கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புங்கள்

கேள்வி: நான் எழுதுற ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட்டை கிளையன்ட் ஒரு மாதிரி புரிஞ்சுக்கிறாங்க, டெவலப்பர் வேற மாதிரி புரிஞ்சுக்கிறாங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி படிக்கிற மாதிரி எப்படி எழுதுறது?

டெம்ப்ளேட்டை மாற்றிப் பயனில்லை. பழைய ஐ.இ.இ.இ. 830 வடிவத்தில் எழுதினாலும், அதற்குப் பதிலாக 2011இல் வந்த 29148இல் எழுதினாலும், உள்ளே இருக்கும் வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் இரண்டு அர்த்தம்தான். நான் நம்பிச் செய்வது ஒன்றுதான்: பணம், தேதி, அனுமதி சம்பந்தப்பட்ட ஒவ்வொரு விதிக்குக் கீழேயும் ஐந்தாறு உதாரணங்களை எழுதி, முடிவை மட்டும் காலியாக விட்டு, பிசினஸ் ஆள் ஒருவரையும் டெவலப்பர் ஒருவரையும் தனித்தனியே நிரப்பச் சொல்வேன்.

பெங்களூரில் பிசினஸ் அனலிஸ்ட்டாக இருக்கிறேன். பீன்யா பக்கம் மின்சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆர்டர் சாஃப்ட்வேர் செய்தபோது வந்த விதியையே எடுத்துக்கொள்கிறேன். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் கோயம்புத்தூர்க்காரர். மீட்டிங்கில் அவர் சொன்னது: "30 நாளுக்கு மேல பாக்கி வெச்சிருக்கிற கடைக்குப் புது ஆர்டர் எடுக்கக் கூடாது சார், அவ்வளவுதான்." எல்லோரும் தலையாட்டினார்கள், ஒரு கேள்வி கூட வரவில்லை. எனக்கு அந்த மாதிரி வாக்கியங்கள் மேல்தான் பயம். புரியாத வாக்கியத்தை யாராவது கேட்டுத் தெளிந்துகொள்வார்கள், எல்லோருக்கும் புரிந்துவிட்ட வாக்கியத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

டெவலப்பர் அதை இப்படித்தான் எழுதுவார், அதில் தப்பும் இல்லை:

```
today - invoice_date > 30 and balance > 0
```

இப்போது உதாரணங்கள். எல்லாவற்றிலும் ஆர்டர் வருவது ஏப்ரல் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அனுப்பிய தாளில் ஒவ்வொரு வரியிலும் கடைசி இரண்டு கட்டங்கள் காலி. திரும்பி வந்த பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

| நிலைமை | டெவலப்பர் | அக்கவுண்ட்ஸ் |
|---|---|---|
| பில் மார்ச் 5, சரக்கு கடைக்குச் சேர்ந்தது மார்ச் 9, பணம் வரவில்லை | தடு | எடு |
| பில், சரக்கு இரண்டும் மார்ச் 7, பணம் வரவில்லை | எடு | எடு |
| பில், சரக்கு இரண்டும் மார்ச் 1. பில் தொகை 1,18,000, வந்தது 1,17,900 | தடு | எடு |
| பில், சரக்கு இரண்டும் மார்ச் 3. முழுத் தொகைக்கும் செக் கொடுத்தாயிற்று, இன்னும் பாஸ் ஆகவில்லை | எடு | தடு |
| மைசூரு கிளையில் 40 நாள் பாக்கி, ஆர்டர் அதே ஓனரின் பெங்களூரு கிளையிலிருந்து | எடு | தடு |

ஐந்தில் ஒன்றுதான் ஒத்துப்போகிறது. முதல் வரியில் டெவலப்பர் பில் தேதியிலிருந்து எண்ணி 32 நாள் என்கிறார், அக்கவுண்ட்ஸ்காரர் சரக்கு சேர்ந்த நாளிலிருந்து எண்ணி 28 என்கிறார். மூன்றாவது வரியில் குறைகிற 100 ரூபாய், வாங்கியவர் பிடித்துக்கொண்ட 0.1 சதவீத டி.டி.எஸ். பில்லில் ஜி.எஸ்.டி. போக ஒரு லட்சம், அதில் 0.1 சதவீதம் 100 ரூபாய். அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு அது பாக்கியே கிடையாது, ஆனால் கோடுக்கு `balance` பூஜ்யம் ஆகவில்லை, அதனால் ஒழுங்காகப் பணம் கட்டுகிற பெரிய கடைகளுக்கெல்லாம் முதல் மாதமே ஆர்டர் நின்றுபோகும். சாஃப்ட்வேர் லைவ் ஆன பிறகு இது தெரியவந்தால் எத்தனை போன் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை மீட்டிங்கில் வைத்து நிரப்பாதீர்கள். முதலில் பேசுபவர் சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள், முதலாளி உட்கார்ந்திருந்தால் இன்னும் மோசம். தனியாக அனுப்புங்கள், பத்து நிமிட வேலை. எல்லை மேல் விழும் உதாரணம் ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும். இங்கே இரண்டாவது வரி சரியாக 30 நாள். அதில் இருவரும் ஒத்துப்போனது நல்லது, ஆனால் கேட்காமல் அது தெரிய வந்திருக்காது.

பதில் ஒத்துப்போகாத ஒவ்வொரு வரியும் டாக்குமென்ட்டில் ஒரு வாக்கியம் குறைகிறது என்று காட்டுகிறது. அந்த வாக்கியத்தை நீங்களாக முடிவு செய்து எழுதிவிடக் கூடாது. கடன் கொடுப்பது முதலாளியின் கொள்கை, அவர்தான் சொல்ல வேண்டும், யார் எந்தத் தேதியில் சொன்னார் என்பதும் விதிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடைசியில் விதி இப்படி வந்தது:

"பாக்கி நாள்: சரக்கு கடைக்குச் சேர்ந்த தேதியை 0ஆம் நாளாக வைத்து எண்ணியது. பாக்கித் தொகை: பில் தொகையில் வங்கியில் வரவான பணம், டி.டி.எஸ்., கிரெடிட் நோட் மூன்றையும் கழித்தது. பாக்கி நாள் 30ஐத் தாண்டி, பாக்கித் தொகையும் 0க்கு மேல் உள்ள பில் ஒன்று இருந்தாலும், அதே ஜி.எஸ்.டி. எண்ணில் உள்ள எந்தக் கிளைக்கும் புது ஆர்டர் பதிவாகாது. ஆர்டர் எடுப்பவர் திரையில் அந்த பில் எண் தெரியும்."

இதைப் படித்ததும் டெவலப்பர் கேட்ட முதல் கேள்வி: "சரக்கு சேர்ந்த தேதி நம்ம சிஸ்டத்துல எங்க இருக்கு?" எங்கேயும் இல்லை. டிரைவர் கையெழுத்து வாங்கி வரும் சலானில் மட்டும்தான் இருந்தது. ஆக, விதி தெளிவானதும் அது கேட்கும் தகவல் கையில் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. சலான் தேதியைப் பதிவு செய்ய ஒரு திரை புதிதாகச் சேர்ந்தது, அப்புறம் ஆறாவது உதாரணமாக "சலான் தேதி பதியாவிட்டால்?" என்பதும் சேர்ந்தது. பில் தேதியையே எடுத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி.

உதாரண அட்டவணை விதிக்கு நேர் கீழே, அதே எண்ணில் இருக்கட்டும். கடைசியில் இணைப்பாகப் போட்டால் யாரும் புரட்ட மாட்டார்கள். டெஸ்டரும் அதே வரிகளைத்தான் டெஸ்ட் கேஸாக எடுக்க வேண்டும். விதியும் உதாரணமும் முரண்பட்டால் எது செல்லும் என்றும் முன்பக்கத்தில் எழுதிவிடுங்கள். நான் எழுதுவது: எதுவும் செல்லாது, வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் இது ஆகாது. ஆம்-இல்லை என்று மூன்று நிபந்தனை இருந்தால் மொத்தம் 8 வரி, ஆறு இருந்தால் 64 வரி, அதை ஒருவரும் படிக்க மாட்டார்கள். அப்படி வந்தால் விதியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். வேகம் போன்ற விஷயங்களுக்கு அட்டவணை வேண்டாம், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது எத்தனை வினாடி என்று எண்ணைப் போட்டால் போதும்.

இன்னொன்று, பாதி வேலையில் விதி மாறும். இங்கேயும் "பழைய கடைக்காரங்களுக்கு மட்டும் 45 நாள் குடுத்துடலாம்" என்று வந்தது. சரி என்று உடனே வாக்கியத்தைத் திருத்தாதீர்கள், முதலில் உதாரணம் சேருங்கள்: பழைய கடை 31 நாள், பழைய கடை 45, பழைய கடை 46, ஒரு கிளை பழையது இன்னொன்று புதிது. நான்காவதை நிரப்பும்போதே "பழைய கடை" என்பதை யார், எந்தத் திரையில் குறிப்பது என்ற கேள்வி வந்துவிடும். அதற்குப் பதில் கிடைத்த பிறகு விதியைத் திருத்தி, ஏற்கனவே இருந்த வரிகளில் எதன் முடிவாவது மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று டெவலப்பரிடம் புதிதாகக் கேட்டு வாங்கிவிட்டுத்தான் கிளையன்ட்டுக்குச் சரி சொல்ல வேண்டும்.