வருடா வருடம் கேஸ் போட்ட ஏசி

கேள்வி: எங்கள் ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசிக்குப் பத்து வயது. மூன்று வருடமாகக் கோடை தொடங்கும்போதெல்லாம் கேஸ் போட்டுத்தான் ஓட்டுகிறோம். இப்போது கம்பிரசர் பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. ஏசி மெக்கானிக்கான என் மைத்துனர், “ரீகண்டிஷன் கம்பிரசர் போட்டுத் தருகிறேன், புது ஏசி விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும்” என்கிறார். வேறு ஆளைக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். மனைவியோ, வட்டியில்லாத் தவணையில் டாப் ரேட்டிங் இன்வர்ட்டர் ஏசி வாங்கிவிடலாம் என்கிறாள். இரண்டு தவணை ஏற்கெனவே ஓடுகிறது. ஒன்று ஐந்து மாதத்தில் முடியும். ஏசி ஓடும் நாலு மாதத்துக்கு மட்டும் கூடுதலாக வரும் கரண்ட் செலவு, புது ஏசி விலையில் ஐந்தில் ஒரு பங்கு. என்ன செய்யலாம்?

பதில்: கம்பிரசரைப் பற்றி அப்புறம் பேசுவோம். ஒவ்வொரு கோடைக்கும் கேஸ் போட்டீர்களே, உங்கள் பணம் முதலில் ஒழுகியது அங்கேதான். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, ஒழுகினால்தான் குறையும். வெளி யூனிட்டில் செம்புக் குழாய் நட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்த கறை இருந்தால் ஒழுகல் அங்கேதான். அதை அடைக்காமல் மேலே நிரப்பிக்கொண்டே போனால் சீசன் முடிவதற்குள் மறுபடி குறையும். கம்பிரசருக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர வைப்பதும் அதே கேஸ்தான். அது குறைந்தால் மோட்டார் சூட்டிலேயே ஓடும், காயிலின் இன்சுலேஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். உங்கள் கம்பிரசர் வயதாகிச் சாவதைவிட இப்படிச் சாவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

ஆனால் அது செத்துவிட்டது என்று இன்னும் உறுதியாகவில்லை. பத்து நிமிடத்தில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் சூட்டில் ஓவர்லோடு பாதுகாப்பு துண்டிக்கிறது என்று அர்த்தம். கெபாசிட்டர் பலம் குறைந்தாலும், வெளி யூனிட் அழுக்கில் அடைத்திருந்தாலும், அதன் விசிறி மெதுவாகச் சுற்றினாலும் இதே அறிகுறிதான் வரும். உறவுக்காரர் இல்லாத ஒருவருக்குப் பார்வைக் கூலி கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கெபாசிட்டர் மேல் 45 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்து மீட்டரில் 35 காட்டினால் அதை மாற்றியே ஆக வேண்டும். அது மலிவான பாகம். அதை மாற்றி, வெளி யூனிட்டைக் கழுவி, விசிறியையும் பார்த்த பிறகு கம்பிரசர் ஒயரில் கிளாம்ப் மீட்டர் மாட்டட்டும். யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரைவிடக் கூடுதலாக இழுத்து மறுபடி நின்றால் பெரும்பாலும் கம்பிரசர் போய்விட்டது. மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும்போது கம்பிரசர் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

அப்படிப் போயிருந்தால்தான் கணக்கு. புது ஏசி, மாட்டும் கூலியோடு சேர்த்து, 100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மைத்துனர் சொல்வது 33. ஏதோ ஒரு கடையில் அறுத்துத் திறந்து, காயில் சுற்றி, வெல்டு வைத்து மூடிய கம்பிரசர் அது. அதைச் சுற்றி இருக்கும் விசிறி மோட்டார், காயில், குழாய் எல்லாம் அதே பத்து வயதுதான். மூன்று வருடம் ஓடினால் பெரிது. ஆக வருடத்துக்கு 11. பழைய ஏசியின் கரண்ட் செலவு, நீங்கள் சொன்னபடி, 20. மொத்தம் 31.

புது இன்வர்ட்டர் ஏசி பத்து வருடம் வந்தால் வருடத்துக்கு 10. கரண்ட் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று அடக்கமாகவே பிடித்தாலும் செலவு 13. மொத்தம் 23. ரீகண்டிஷன் கம்பிரசர் ஐந்து வருடம் தாக்குப்பிடித்தால்கூட அந்தப் பக்கம் கிட்டத்தட்ட 27. மாற்றுவதுதான் சரி.

கரண்டில் மிச்சமாவது வருடத்துக்கு 7தான் என்பதையும் கவனியுங்கள். “கரண்ட் பில்லிலேயே போட்ட காசை எடுத்துவிடலாம்” என்று கடைக்காரர் சொன்னால், அதற்குப் பதினாலு வருடம் ஆகும். நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் ஏசியை இந்தக் கணக்கை நம்பிக் கழற்ற நான் சொல்லவே மாட்டேன். உங்களுடையது ஓடவில்லை, அதனால்தான் மாற்றச் சொல்கிறேன். டாப் ரேட்டிங்கும் வேண்டாம். நடுத்தர ரேட்டிங்கைவிட அது 18 கூட விலை என்றால், வருடத்தில் நாலு மாதம் ஓட்டும் வீட்டில் மேற்கொண்டு மிச்சமாவது 2 அளவுக்குத்தான் இருக்கும். ஒன்பது வருடம் காத்திருக்க வேண்டும். பத்து வருட கம்பிரசர் வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கேஸ், கூலி, வெளி யூனிட்டில் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு இதெல்லாம் அதற்குள் வருமா என்று பொடி எழுத்தைப் படியுங்கள். இன்வர்ட்டர் ஏசியில் செலவு வைப்பது பெரும்பாலும் அந்தப் போர்டுதான்.

வட்டியில்லாத் தவணை? அதே ஏசியை ரொக்கத்துக்கு என்ன விலை தருவீர்கள் என்று கடையில் கேளுங்கள். 94 என்று சொல்லி, தவணைக்கு 100ம் செயலாக்கக் கட்டணமாக 2ம் வாங்கினால், நீங்கள் கூடக் கொடுப்பது 8. பத்து மாதத் தவணையில் சராசரியாகப் பாக்கி நிற்பது சுமார் 52தான். வருடக் கணக்கில் அது 18 சதவீதத்துக்கு மேல் வட்டி. ஓடும் இரண்டு தவணைக்கு மேல் மூன்றாவதாக இதை ஏற்ற வேண்டாம். ஒரு தவணை ஐந்து மாதத்தில் முடிகிறதே, அன்றிலிருந்து அதே தொகையைத் தனிக் கணக்கில் போட்டு, கூட்டமில்லாத குளிர் மாதத்தில் ரொக்கமாக வாங்குங்கள். அதுவரை மின்விசிறிதான். வீட்டில் கைக்குழந்தையோ சூடு தாங்காத முதியவரோ இருந்தால் மட்டும், சின்னத் தவணையில், சாதாரண மாடல் வாங்கலாம்.

மைத்துனர் விஷயம். கம்பிரசர் வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புது ஏசியை மாட்டும் வேலையை அவரிடமே முழுக் கூலிக்குக் கொடுங்கள். தயாரிப்பாளர் தன் ஆள்தான் மாட்ட வேண்டும் என்று வாரண்டியில் போட்டிருக்கிறாரா என்று மட்டும் முதலில் பாருங்கள். பழைய செம்புக் குழாய் வேண்டாம், புதுக் குழாய் போடட்டும். உள்ளே பழைய எண்ணெயும், மோட்டார் கருகியிருந்தால் அமிலமும் ஒட்டியிருக்கும். நைட்ரஜன் அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கட்டும். பிறகு வாக்யூம் பம்பு போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகுதான் கேஸைத் திறக்க வேண்டும். அவர் பம்பு கொண்டுவரவில்லை என்றால் அன்றைக்கு வேலையைத் தொடங்க விடாதீர்கள். அடுத்த கோடையில் குளிர் குறைந்து, “கொஞ்சம் கேஸ் போட்டுவிடலாம் மாமா” என்று அவர் வந்தால், ஒழுகல் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். காட்டி அடைத்த பிறகு பணம் கொடுங்கள்.