ரேண்டம் பிவட் எடுத்தும் குவிக்சார்ட் மெதுவாக ஓடுவது ஏன்?

கேள்வி: 1 லட்சம் ரிவியூக்களை 1 முதல் 5 வரையான ஸ்டார் ரேட்டிங்படி அடுக்க, சி மொழியில் நானே குவிக்சார்ட் எழுதினேன். பிவட்டை ரேண்டமாகத்தான் எடுக்கிறேன், பார்ட்டிஷன் லொமுட்டோ முறை. ஆனாலும் மிக மெதுவாக ஓடுகிறது. ஏன்?

பதில்: ரேண்டம் பிவட், ஏற்கெனவே வரிசையில் இருக்கும் தரவிலிருந்துதான் காப்பாற்றும். எல்லாமே 3 என்று இருக்கும் ஒரு பகுதியில் எதை எடுத்தாலும் பிவட் 3தான். லொமுட்டோவில் `a[j] <= p` என்று கேட்டால் மொத்தமும் இடப்பக்கம் போகும், `<` என்று கேட்டால் மொத்தமும் வலப்பக்கம் நிற்கும். எப்படியானாலும் ஒரு சுற்றுக்கு பிவட் ஒன்றுதான் கழிகிறது.

உங்கள் ரேட்டிங்குகள் சமமாகப் பரவியிருந்தால் ஒவ்வொன்றும் 20,000 முறை வரும். ஒரே எண் உள்ள 20,000 இடங்களுக்கு 20,000 × 19,999 / 2, அதாவது சுமார் 20 கோடி ஒப்பீடுகள். ஐந்துக்கும் சேர்த்து 100 கோடி. எல்லாம் வெவ்வேறு எண்களாக இருந்திருந்தால் 25 லட்சத்துக்குள் முடிந்திருக்கும்!

தீர்வு, பிவட்டுக்குச் சமமானவற்றை நடுவில் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடாமல் இருப்பது. டைக்ஸ்ட்ராவின் 'டச்சு தேசியக் கொடி' முறை இதுதான்:

```c
int lt = lo, i = lo, gt = hi;
while (i <= gt) {
    if (a[i] < p)      swap(&a[lt++], &a[i++]);
    else if (a[i] > p) swap(&a[i], &a[gt--]);
    else               i++;
}
sort(a, lo, lt - 1);
sort(a, gt + 1, hi);
```

`2 3 2 1 2` என்ற வரிசையில் பிவட் 2 என்று வைத்துக்கொள்வோம். முதல் 2 சமம், நகர்கிறோம். அடுத்த 3 பெரியது, கடைசி 2 உடன் இடம் மாறி `2 2 2 1 3` ஆகிறது. இங்கே `i` நகரக் கூடாது. வலக்கோடியிலிருந்து வந்த எண்ணை இன்னும் யாரும் பார்க்கவில்லையே. பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அப்புறம் இரண்டு 2களைத் தாண்டினால் 1 வருகிறது. அது `lt` இருக்கும் முதல் இடத்துக்குப் போய் `1 2 2 2 3` ஆகிறது. மூன்று 2களும் ஒரே சுற்றில் உட்கார்ந்துவிட்டன. இனி ரிகர்ஷனுக்கு மிச்சம் இருபுறமும் ஒவ்வோர் எண்.

உங்கள் தரவில் ஒவ்வொரு சுற்றும் ஒரு ரேட்டிங்கை முழுதாகத் தீர்த்துவிடும். ஆகவே ஆழம் 5ஐத் தாண்டாது. தொடப்படும் இடங்கள் அதிகபட்சம் 5 லட்சம், ஓர் இடத்துக்கு இரண்டு ஒப்பீடுகளுக்கு மேல் இல்லை. ரேண்டம் பிவட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள், ஏற்கெனவே வரிசையில் இருக்கும் வெவ்வேறு எண்கள் வந்தால் அது இன்னும் தேவை.

மும்முனைப் பிரிப்பு வேண்டாமென்றால், சம எண்ணைக் கண்டதும் இரு முனைகளும் நிற்கும் ஹோர் பார்ட்டிஷனும் போதும். சமமானவற்றையே வீணாக இடம் மாற்றும், ஆனால் சரிபாதியாகப் பிரிவதால் n log n-இலேயே நிற்கும். எதை எழுதினாலும் எல்லாம் ஒரே எண்ணாக உள்ள அரேயில் ஓட்டிப் பாருங்கள். அளவை இரட்டிப்பாக்கும்போது நேரம் நான்கு மடங்கானால் கோளாறு இன்னும் அங்கேயே இருக்கிறது.