பால்தேநீரும் இரும்புச்சத்துக் குளிசையும்

"எனக்கு ஆறாம் மாதம். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைக் காலையில் பால்தேநீரோடு விழுங்குகிறேன். பால் சேர்த்தால் சாயத்தின் தாக்கம் போய்விடும் என்கிறார்களே, சரியா?"

இல்லை. தேயிலையிலுள்ள தனின் குடலுக்குள் இரும்பைப் பற்றிக்கொண்டு கரையாத பொருளாக மாறுவதால், அந்த இரும்பு குருதிக்குள் போகாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. துருப்பிடித்த இரும்புச் சட்டியில் மீந்த சாயத்தை ஊற்றி வைத்துப் பாருங்கள். சற்று நேரத்தில் அது மைபோல் கறுக்கும். வயிற்றுக்குள் நடப்பதும் அதே பிணைப்புத்தான். பாலின் புரதம் தனினில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டாலும், பரிசோதனைகளில் பால் சேர்த்த தேநீரும் ஏறக்குறைய அதே அளவுக்கு இரும்பைத் தடுத்தது. பாலிலுள்ள கல்சியமோ தனியாகவே இரும்பின் உறிஞ்சலைக் குறைக்கக்கூடியது. ஒரு மேசைக்கரண்டிப் பால்மாவில் வரும் கல்சியம் சிறிதளவே என்பதால், உங்கள் கோப்பையில் முதல் எதிரி சாயம்தான். ஒரு குவளை முழுப்பாலில் கல்சியத்தின் பங்கு பெரிதாகிவிடும்.

உப்புவெளியில் என் தங்கையும் இப்படித்தான் குடித்துவந்தாள். பின்னர் காலைத் தேநீரை அப்படியே வைத்துக்கொண்டு, குளிசையை இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலத்தின் பின் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தாள். தேசிப்புளியின் விற்றமின் சி இரும்பைக் கரைநிலையில் வைத்திருக்கும். கல்சியக் குளிசையும் தந்திருந்தால் அதை மதியத்துக்கு மாற்றுங்கள். மீனின் இரும்பில் ஒரு பகுதியைத் தனின் அவ்வளவாகத் தொடாது. பருப்பு, முருங்கையிலை சாப்பிட்ட உடனே குடிக்கும் பிளேன்டீதான் கூடுதலாகக் கெடுக்கிறது.