கல்யாண வீடியோவில் முகங்கள் ஒல்லியாவது ஏன்? முதலில் பிக்சலைச் சதுரமாக்குங்கள்

கேள்வி: 2004-ல் எங்கள் கல்யாணத்தை மினி DV டேப்பில் எடுத்தார்கள். டேப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அப்ஸ்கேலிங் மென்பொருளில் இரண்டு மடங்கு பெரிதாக்கினேன். எல்லார் முகமும் ஒல்லியாக நீண்டு தெரிகிறது. அதே வீடியோவை பிளேயரில் போட்டால் சரியாக இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து அண்ணன் அனுப்பிய டேப்பில் நேர்மாறு, எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். பெரிதாக்கிய பிறகு எடிட்டிங்கில் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாமா?

பதில்: இழுத்தால் முகம் சரியாகும், படம் கெடும். பெரிதாக்குவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

இரண்டு டேப்பிலும் கோளாறு எதுவும் இல்லை. அவற்றில் உள்ள பிக்சல்கள் சதுரம் அல்ல, அவ்வளவுதான். உங்கள் டேப்பில் ஒவ்வொரு பிக்சலும் உயரத்தைவிடச் சற்று அகலமாகக் காட்டப்பட வேண்டும். அண்ணன் டேப்பில் சற்று ஒடுக்கமாகக் காட்டப்பட வேண்டும். இதைச் சொல்லும் ஒரு சிறிய குறிப்பு கோப்பிலேயே இருக்கிறது. பிளேயர் அதைப் படித்து, திரையில் காட்டும்போது திருத்திக்கொள்கிறது. அப்ஸ்கேலிங் மென்பொருள்கள் பலவும் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்வதில்லை. கோப்பில் 720 x 576 இருந்தால் அதை 1440 x 1152 ஆக்கிக் கொடுத்துவிடும். அது 5:4 வடிவம். உங்கள் படமோ 4:3.

இந்த 720 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றது எல்லாம் தானாகப் புரியும். பழைய தொலைக்காட்சிப் படம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தது. கோடுகளை எண்ணலாம். ஆனால் ஒரு கோட்டின் குறுக்கே பிக்சல் என்று எதுவும் கிடையாது, அது தொடர்ந்து ஓடும் சிக்னல். அதை டிஜிட்டலாக்கும்போது ஒரு கோட்டை எத்தனை துண்டாக எடுப்பது என்பதைப் பொறியாளர்கள்தான் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. 1982-ல் வந்த ரெக். 601 தரத்தில், இந்தியாவும் ஐரோப்பாவின் பெரும்பகுதியும் பயன்படுத்திய 625 கோட்டு முறைக்கும், அமெரிக்காவின் 525 கோட்டு முறைக்கும் ஒரே மாதிரி எடுக்கும் வேகத்தை வைத்தார்கள்: 13.5 மெகாஹெர்ட்ஸ். அதனால் இரண்டிலும் ஒரு கோட்டுக்கு 720 துண்டு கிடைத்தது. கோடுகளின் எண்ணிக்கை மட்டும் வேறு. DV டேப்பிலும் டிவிடியிலும், பால் எனப்படும் நம் ஊர் முறைக்கு 576, என்டிஎஸ்சி எனப்படும் அமெரிக்க முறைக்கு 480.

இப்போது கணக்குப் போடுங்கள். 576 கோட்டுக்குச் சதுரப் பிக்சலில் 4:3 வேண்டுமானால் அகலம் 768. 480 கோட்டுக்கு 640. நடுவில் நிற்கிற 720 இரண்டுக்கும் பொருந்தாது. அதனால்தான் திருத்தாமல் பார்த்தால் நம் ஊர் டேப்பில் ஆட்கள் ஒல்லி, அமெரிக்க டேப்பில் குண்டு.

சரி, அப்படியானால் 720-ஐ 768 ஆக இழுத்தால் போதுமா? ஏறக்குறைய போதும். ஆனால் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அந்த 720-ம் முழுக்கப் படத்துக்கானது அல்ல. 4:3 படம் என்பது நடுவில் உள்ள சுமார் 702 முதல் 704 பிக்சல்தான். இரண்டு ஓரத்திலும் உள்ள எட்டு எட்டு பிக்சல் பாதுகாப்புக்காக விட்ட இடம். விஎச்எஸ் டேப்பிலிருந்து மாற்றிய டிவிடிகளில் அந்த இடம் மெல்லிய கறுப்புப் பட்டையாகவே தெரியும். இந்தத் தரத்தின்படி பார்த்தால் பிக்சலின் விகிதம் 12:11. முழு 720-ஐயும் 4:3 என்று எடுத்துக்கொண்டால் 16:15. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளின் பழைய பதிப்புகளில் பால் பிக்சலுக்கு 1.067 என்று இருந்து, பிறகு அது 1.0940 ஆனதும் இந்த வேறுபாட்டால்தான். இரண்டுக்கும் இடையே இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் வித்தியாசம், முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நான் ஓரத்தை வெட்டி 704 வைத்துச் செய்வதையே விரும்புகிறேன். கறுப்புப் பட்டையும் ஓரத்து அழுக்கும் அதோடு போய்விடும். அவற்றை விட்டுவைத்தால் அப்ஸ்கேலிங் அந்த விளிம்பையும் கூர்மையாக்கி, பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோட்டை உண்டாக்கும்.

கோப்பு தன்னைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை, ffmpeg என்ற இலவச மென்பொருளோடு வரும் ffprobe கட்டளையால் முதலில் பாருங்கள்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries stream=width,height,sample_aspect_ratio,display_aspect_ratio -of default=nw=1 tape.dv
```

உங்கள் டேப்புக்கு `sample_aspect_ratio=16:15`, `display_aspect_ratio=4:3` என்று வர வேண்டும். ஆனால் இந்தக் குறிப்பை அப்படியே நம்பிவிடாதீர்கள். கேமராவில் 16:9 வைத்து எடுத்ததை 4:3 என்று குறித்து எழுதிய டிவிடிகள் உண்டு. ஸ்டுடியோவில் எடிட் செய்தபோதே நசுங்கிப்போன காட்சிகளும் உண்டு. ஆகவே படத்தையே கேட்க வேண்டும். அதற்கு வட்டமான ஒரு பொருள் வேண்டும்.

மண்டபத்துச் சுவர்க் கடிகாரம் நல்ல தேர்வு. கார் டயரைப் பக்கவாட்டில் நேராக எடுத்திருந்தால் அதுவும் சரி. தாம்பாளம் சரிப்படாது, அது எப்போதும் சாய்வாகத்தான் படத்தில் வரும். பொருள் கேமராவுக்கு நேராகவும் படத்தின் நடுப்பகுதியிலும் இருக்க வேண்டும், ஓரத்தில் லென்ஸே வட்டத்தை நெளித்துவிடும். அந்த இடத்தில் ஒரு ஃபிரேமைப் படமாக எடுங்கள்:

```
ffmpeg -ss 00:12:30 -i tape.dv -frames:v 1 still.png
```

இது திருத்தாத 720 x 576 படம். ஏதாவது ஒரு படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, கடிகாரத்தின் உயரத்தையும் அகலத்தையும் பிக்சலில் அளந்து பாருங்கள். உயரம் 132, அகலம் 122 என்று வந்தால், 132-ஐ 122-ஆல் வகுக்க 1.08. இது 1.067-க்கும் 1.09-க்கும் நடுவில் இருக்கிறது, ஆகவே சாதாரண 4:3 பால் படம்தான். அகலம் 91, 92 என்று வந்திருந்தால் விகிதம் 1.45 அல்லது 1.43. அது நசுக்கிப் பதிவான 16:9 படம், அதை 1024 x 576 ஆக விரிக்க வேண்டும். அகலமும் உயரமும் ஒன்றாகவே இருந்தால், கோப்பில் என்ன குறித்திருந்தாலும், அந்தக் காட்சி ஏற்கெனவே எங்கேயோ மாற்றப்பட்டுவிட்டது. அதை மேலும் இழுக்கக் கூடாது. ஒரு பிக்சல் தவறாக அளந்தாலே விகிதம் ஒரு சதவீதம் அளவுக்கு மாறும். ஆகவே 16:15-ஆ 12:11-ஆ என்பதை இந்தச் சோதனையில் தீர்க்க முடியாது. பெரிய தவறுகளைப் பிடிக்கத்தான் இது.

அடுத்தது வரிசை. டேப்பில் உள்ள ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் ஒரு கணத்தையும், மீதிக் கோடுகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து வரும் அடுத்த கணத்தையும் பதிந்திருக்கின்றன. இந்த இரண்டையும் பிரிக்காமல் உயரத்தை மாற்றினால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அசைகிற கையின் ஓரத்தில் சீப்புப் பல் போல வரும் அந்தக் கலங்கலைப் பிறகு எடுக்கவே முடியாது. அதனால் முதலில் இந்தக் கோடுகளைப் பிரித்துத் தனித்தனி முழு ஃபிரேமாக்கும் டீஇன்டர்லேஸ், பிறகு ஓரத்தை வெட்டுவது, பிறகு சதுரமாக்குவது, கடைசியில்தான் பெரிதாக்குவது. முதல் மூன்றையும் ஒரே கட்டளையில் முடிக்கலாம்:

```
ffmpeg -i tape.dv -vf "bwdif=mode=send_field,crop=704:576:8:0,scale=768:576:flags=lanczos,setsar=1" -c:v ffv1 -c:a copy tape_sq.mkv
```

இதில் நொடிக்கு 25 ஃபிரேம் 50 ஆகும். அது சரிதான், டேப்பில் அசைவு அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. ffv1 இழப்பில்லாத வடிவம், கோப்பு மிகவும் பெரிதாக இருக்கும். வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். மூல டேப் கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

கட்டளையின் கடைசியில் உள்ள `setsar=1` சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதை விட்டுவிடக் கூடாது. இனிப் பிக்சல் சதுரம் என்று கோப்பிலேயே எழுதிவைப்பது அதுதான். பிக்சலை நிஜமாகவே 768 ஆக்கிய பிறகும் பழைய 16:15 குறிப்பு எங்காவது ஒட்டிக்கொண்டால், பிளேயர் மறுபடியும் திருத்தி 819 அகலத்தில் காட்டும். ஒல்லியாக இருந்தவர்கள் இப்போது குண்டாவார்கள். முடித்ததும் மேலே உள்ள ffprobe கட்டளையைப் புதுக் கோப்பில் ஓட்டுங்கள். 768, 576, 1:1, 4:3 என்று வர வேண்டும்.

பெரிதாக்கிய பிறகு இழுத்தால் என்ன கெடும் என்று கேட்டிருந்தீர்கள். அப்ஸ்கேலிங் மென்பொருள் வெறுமனே பெரிதாக்குவதில்லை, கண்ணிமை, புடவைக் கரை, எழுத்து இவற்றின் விளிம்புகளைப் புதிதாகக் கூர்மையாக வரைகிறது. அதன் பிறகு அகலத்தை மட்டும் இழுத்தால், செங்குத்தான விளிம்புகள் எல்லாம் மறுபடி கலங்கும், கிடைமட்ட விளிம்புகள் கூர்மையாகவே நிற்கும். கூர்மையாக்கும்போது விளிம்பைச் சுற்றி வந்த ஒளிவட்டமும் பக்கவாட்டில் அகலும். முன்கூட்டியே 704-ஐ 768 ஆக்கும்போதும் மிகச் சிறிய மென்மை வரத்தான் செய்யும். ஆனால் அது மென்பொருள் வரைவதற்கு முன் வருவது, வரையப்படும் விளிம்பைக் கெடுக்காது.

அண்ணனின் டேப்புக்கு ஒரே ஒரு மாற்றம். வழக்கமாகச் சொல்வதுபோல் அகலத்தை 640 ஆகக் குறைத்தால், இருக்கிற கொஞ்சநஞ்ச நுணுக்கத்தையும் எறிகிறோம். அகலத்தைத் தொடாமல் உயரத்தைக் கூட்டுங்கள். `crop=704:480:8:0`, பிறகு `scale=704:528`. 704-ஐ 528-ஆல் வகுத்தால் அச்சாக 4:3. இங்கே உயரம் மாறுவதால், டீஇன்டர்லேஸ் முன்னால் வருவது இன்னும் கட்டாயம்.

இனி tape_sq.mkv-ஐ அப்ஸ்கேலிங்கில் போடலாம். இரண்டு மடங்கு என்றால் 1536 x 1152. முழு எச்டி உயரத்துக்கு வேண்டுமானால் 1440 x 1080, இரு பக்கமும் கறுப்பு விட்டு. திரை நிறையட்டும் என்று 1920 ஆக இழுக்க வேண்டாம். 1440 x 1080-ஐத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள். HDV வகைக் கேமராக்களும் அதே அளவில், ஆனால் 4:3 விகிதப் பிக்சலில்தான் பதிவுசெய்தன. அதனால் சில எடிட்டிங் மென்பொருள்கள் உங்கள் கோப்பையும் HDV என்று நினைத்து 16:9 ஆக விரித்துவிடும். கிளிப்பின் அமைப்பில் பிக்சல் விகிதத்தைச் சதுரம், அதாவது 1.0 என்று நீங்களே மாற்றிவிடுங்கள்.