கபடி போட்டோவுக்கு காமிக்ஸ் கோடு, வெடிப்பு: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பன்னெண்டு வருஷமா திருவிழா கபடிக்கு பிளக்ஸ் டிசைன் பண்றேன். போன வாரம் போட்ட படத்துல காமிக்ஸ் மாதிரி சுத்தி வர்ற கோடும் வெடிப்பு நட்சத்திரமும் எப்படி போட்டேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க, எல்லாருக்கும் இங்கயே சொல்லிடறேன். படம் ஞாபகம் இருக்கில்ல, பாடிப் போனவன் திரும்பி நடுக்கோட்ட நோக்கி பாய்றான், பிடிக்கிறவன் கணுக்கால கவ்விட்டான், விரலுக்கும் கோட்டுக்கும் நடுவுல நாலு விரக்கடை பாக்கி. அத வச்சே சொல்றேன்.

நைட் ஷிப்ட்: அண்ணே, அந்த சுத்தி வர்ற கோடெல்லாம் கையால போட்டதா? எத்தன மணி நேரம் ஆச்சு?

கையால இல்லப்பா, இருபது நிமிஷம். போட்டோஷாப்ல சொல்றேன், பிரவுசர்ல ஓடற Photopea-லயும் மெனு கிட்டத்தட்ட இதேதான்.

400க்கு 400 பிக்சல்ல ஒரு வெள்ளை ஃபைல் திற. சின்னதா இருக்கேன்னு பாக்காத, காரணம் இருக்கு. Filter > Noise > Add Noise, அளவ கடைசி வரைக்கும் தள்ளு, Monochromatic டிக் பண்ணு. அடுத்து Motion Blur, Angle 90, Distance முடிஞ்ச மட்டும். மணல் கொட்டின மாதிரி இருந்தது மேலருந்து கீழ மழைக்கோடு மாதிரி ஆயிடும். ஆனா சாம்பல் பூத்துப் போய் மங்கலா தெரியும், Levels-ல ரெண்டு பக்கமும் இழுத்து கருப்பு வெள்ளைய திருப்பி கொண்டு வா. இப்பதான் Image Size-ல 4000க்கு 4000 ஆக்கணும். நேரா 4000ல ஆரம்பிச்சா கோடு தலைமுடி மாதிரி பொடிப்பொடியா வரும், அங்கதான் பாதி பேர் கைய விட்டுடறாங்க. அகலத்துல 400 பிக்சல் இருந்தா சுத்தி 360 டிகிரில ஒரு பிக்சலுக்கு ஒரு டிகிரி கூட வராது, அது நெருக்கமான கோடு. கொஞ்சம் இடைவெளி விட்டு வேணும்னா 200ல ஆரம்பி.

அடுத்தது முக்கியம். மேல ஒரு லேயர் போட்டு, மேல்விளிம்புல முழு வெள்ளை, கீழ வர வர ஒண்ணுமில்லாம போற மாதிரி கிரேடியன்ட் இழு, முக்கால் உயரத்துல முடிச்சிக்கோ. ரெண்டையும் மெர்ஜ் பண்ணி Filter > Distort > Polar Coordinates, Rectangular to Polar. மேல்விளிம்பு மொத்தமும் நடுவுல ஒரு புள்ளியா சுருங்கும், கீழ்விளிம்பு வெளி வட்டம் ஆயிடும். அதுக்கப்புறம் Image > Adjustments > Threshold. நல்ல கருப்பா இருந்த கோடு உள்ள ஆழமா போகும், மங்கினது வெளியவே நின்னுடும், முனை தானா கூராகும். அந்த ஏத்த இறக்கம் இருந்தாதான் கையால இழுத்த மாதிரி தெரியும். எல்லா கோடும் ஒரே வட்டத்துல வந்து நின்னுச்சுன்னா சைக்கிள் சக்கரத்து கம்பி மாதிரி இருக்கும், அத வச்சே நெட்ல எடுத்து ஒட்டினதுன்னு சொல்லிடலாம்.

கடைசியா போட்டோ மேல வச்சு Multiply. வெள்ளை மறைஞ்சு கோடு மட்டும் நிக்கும். வெள்ளைக்கோடு வேணும்னா Ctrl+I அழுத்திட்டு Screen.

தூத்துக்குடிக்காரன்: போன்ல பண்ண முடியுமா?

ibisPaint ஃபில்டர்ல Radial Line இருக்கு, மையத்த விரலால நகத்தலாம். அவசரத்துக்கு போதும்.

அரை டிக்கெட்: மையம் எங்க வைக்கணும்? நான் மூஞ்சில வச்சேன், என்னமோ பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஒளிவட்டம் போட்ட மாதிரி இருக்கு.

நல்லா சொன்ன. கோடுங்கறது "இங்க பாரு"ன்னு நீட்டற விரல். மூஞ்சிக்கு நீட்டினா ஆளத்தான் பாப்பாங்க, ஆட்டத்த பாக்க மாட்டாங்க. என் படத்துல மையம் அவன் கையிலயும் இல்ல, நடுக்கோட்டுலயும் இல்ல. நடுவுல இருக்கற அந்த காலி இடத்துல. பாக்கறவன் கண்ணு நேரா அங்க போய் விழுந்து, "அய்யோ இவ்ளோதானா"ன்னு துடிக்கணும்.

ஒரு சிக்கல் இருக்கு. மையம் படத்தோட ஓரத்துல வந்தா, கோட்டு லேயர் அந்தப் பக்கம் மூலை வரைக்கும் எட்டாது. 3000 பிக்சல் அகலப் படத்துல இடது ஓரமா மையம் வச்சா லேயர் 6000க்கு மேல இருக்கணும். பெருசாக்கினா கோடும் தடிக்கும், அதனால மையம் எங்கன்னு முடிவு பண்ணிட்டு கோடு பண்ணுங்க. இத திரும்பத் திரும்ப சொல்வேன், திட்டாதீங்க: முதல்ல மையம், அப்புறம்தான் கோடு.

லென்ஸ் மூடி: நான் 1/1000ல எடுக்கறேன், கோடே விழ மாட்டேங்குது. எந்த ஷட்டர் ஸ்பீடு வச்சா இப்படி வரும்?

கேமரால வர்றது இல்லங்க இது, வரையறது. நீங்க நினைக்கறது பேனிங், 1/30 பக்கம் வச்சு ஆள் கூடவே கேமராவ திருப்பறது. காமிக்ஸ் லுக்குக்கு உங்க 1/1000தான் வேணும். கை கால் கலங்கியிருந்தா வெட்டி எடுக்க விளிம்பே கிடைக்காது.

சின்னப்பொண்ணு: பின்னாடி ஒரே ஜனக்கூட்டம், பந்தல், கொடி. கோடு போட்டா கூட்டத்துல காணாம போயிடுது.

கோட்டுல தப்பில்ல, போட்டோவுலதான். போட்டோவுல ஆயிரம் சாயல் இருக்கு, கோட்டுல ரெண்டே ரெண்டு. ரெண்டும் ஒட்டணும்னா போட்டோ கொஞ்சம் இறங்கி வரணும். ஆள மட்டும் மாஸ்க் பண்ணி தனி லேயர் ஆக்குங்க. பின்னாடி கூட்டத்துக்கு Median போட்டு வழவழன்னு ஆக்கிட்டு Posterize 4, அதுக்கு மேல பாதி வெள்ளைய பூசி வெளுக்க விடுங்க. Median போடாம Posterize பண்ணா முகமெல்லாம் அம்மை போட்ட மாதிரி திட்டுத்திட்டா வரும். கோடு கூட்டத்துக்கு மேல, ஆளுக்கு கீழ. ஆள சுத்தி வெள்ளை Stroke, 3000 பிக்சல் படத்துக்கு 12 இருந்தா போதும். அந்த வெள்ளை இடைவெளிதான் ஆளையும் கோட்டையும் பிரிச்சுக் காட்டும். கடைசில ரெண்டு மூணு கோட்ட மட்டும் ஆள் தோள் மேல ஏற விடுங்க, அப்பதான் ஆள் கோட்டுக்குள்ள இருக்கற மாதிரி தோணும். மூஞ்சி மேல ஏத்தாதீங்க.

குட்டி ரெய்டர்: மொபைல்ல எந்த ஆப் அண்ணா?

மேல சொல்லியாச்சு.

கோடு போடறவ: நான் வரையறவ, அதனால சொல்றேன். வேகக்கோடு ஓடறவனுக்கு பின்னாடிதான் வரணும், அவன் வந்த பாதைல. நீங்க சுத்தி போட்டிருக்கறது தப்பு.

பாதி சரிங்க. பின்னாடி இழுக்கற கோடு "இவன் அங்கேருந்து வந்தான்"னு சொல்லும். ஓடறவன், பந்து, மட்டை வீச்சு, இதுக்கெல்லாம் அதான். சுத்தி வர்ற கோடு வேகத்தையே சொல்றதில்ல, நொடிய சொல்லுது. ஜப்பான் காமிக்ஸ்ல ரெண்டுக்கும் தனித்தனி பேரே இருக்கு, Clip Studio Paint-லயும் Stream line, Saturated line னு ரெண்டு டூலா பிரிச்சுத்தான் வச்சிருக்கான். என் படத்துல அவன் ஓடல, கால் மாட்டிக்கிட்டு நீட்டிக்கிட்டு கிடக்கான். பின்னாடி கோடு போட்டா பறக்கற மாதிரி ஆயிடும்.

கோடு போடறவ: அவன் பாய்ஞ்சுதானே வந்தான்? கை ஓரமா நாலு கோடு பின்னாடி போட்டா என்ன குறைஞ்சுடும்?

நாலு போடலாம், ஒத்துக்கறேன். தோள்லேருந்து முழங்கை வரைக்கும், அதுக்கு மேல வேணாம்.

பிளக்ஸ் பாய்: வெடிப்பு நட்சத்திரம் எப்படி போடறது? அந்த படத்துல கைகிட்ட ஏன் போடல, அங்கதானே மாஸ்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

முதல்ல எப்படின்னு. ஸ்டார் டூல்ல போடாதீங்க, எல்லா முனையும் ஒரே நீளமா தீபாவளி பாக்கெட் அட்டை மாதிரி வரும். பென் டூல்ல பத்து பன்னெண்டு முனை, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை. அடி எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கத்து முனை மத்தத விட ரெண்டு மடங்கு நீளம். நடு வெள்ளை, ஓரம் கருப்பு. மண் தளம்னா போட்டோவுல ஏற்கனவே புழுதி கிளம்பியிருக்கும், அத தனியா எடுத்து Threshold பண்ணி நட்சத்திரத்த சுத்தி தூவுங்க, வரைஞ்சாலும் அவ்ளோ நல்லா வராது. மேட் விரிச்ச தளத்துல ஆடின போட்டோவுக்கு புழுதி வச்சீங்கன்னா ஆடறவனே சிரிப்பான்.

இப்ப ஏன் கைகிட்ட போடலன்னு. கோடு "பாரு"ன்னு சொல்லும், வெடிப்பு "பட்டுச்சு"ன்னு சொல்லும். கை படல! பட்டது கணுக்கால்ல, பிடிக்கிறவன் கை. அதனால வெடிப்பு அங்க. ஏழெட்டு வருஷம் முன்னாடி நானே இந்தத் தப்ப பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு ஊர் டீமுக்கு இதே மாதிரி போட்டோ, விரல் நுனில பெருசா மஞ்ச வெடிப்பு வச்சு பத்தடி பிளக்ஸ். அந்த ரெய்டுல அவன் அவுட்டு. எதிர் ஊர்க்காரங்க பத்து பேர் கடைக்கே வந்துட்டாங்க, "தொட்டான்னு எப்படிய்யா போட்ட"ன்னு. நான் ஒரு எழுத்து எழுதல, வெறும் நட்சத்திரம். ஆனா அவங்க படிச்சது சரிதான். ராத்திரியே கழட்டினோம், பிரிண்ட் காசு என் கையிலேருந்து.

பிளக்ஸ் பாய்: போஸ்டர்னா கொஞ்சம் பில்டப் இருக்கத்தானே செய்யும்? அதுக்குத்தானே காமிக்ஸ் எஃபெக்டே.

லென்ஸ் மூடி: அப்படி இல்ல தம்பி. நான் மேட்ச் படம் எடுத்து குடுக்கறவன். என் படத்துல இல்லாதத நீ வச்சா பேர் கெடறது எனக்கு.

பிளக்ஸ் பாய்: அப்போ கோடும்தான் படத்துல இல்ல. அத மட்டும் ஏன் விடறீங்க?

கோடு போடறவ: கோடு வரைஞ்சதுன்னு பாத்தாலே தெரியும், யாரும் ஏமாற மாட்டாங்க. வெடிப்பும் அப்படித்தான். ஊர்க்காரங்க கோவத்துக்கு நட்சத்திரம் காரணமில்ல, தோத்தவன் படத்த ஜெயிச்சவன் மாதிரி வச்சதுதான்.

இது நல்ல பாயிண்ட், எனக்கு இப்பவும் முழுசா ஒத்துவரல. ஆள் பேர், டீம் பேர் போட்ட பிளக்ஸ்ல ஆட்டத்தோட முடிவ மாத்தற எதையும் நான் வைக்க மாட்டேன். வீட்டுச் சுவருக்கு, பர்த்டேக்குன்னா தம்பி சொல்ற மாதிரி எங்க வேணா வெடிக்கட்டும்.

லென்ஸ் மூடி: பர்த்டே பேனரையும் நாளைக்கு எவனாவது வாட்ஸாப்ல மேட்ச் போட்டோன்னு சுத்த விடுவான்.

விடுவான்தான்.

வெயில் பய: கோடு ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி நறுக்கு நறுக்குன்னு இருக்கு. ஏன்?

Threshold கருப்பு வெள்ளைன்னு ரெண்டுதான் வைக்கும், நடுவுல சாம்பல் இல்லாததால விளிம்பு படியா தெரியும். கடைசில வேண்டிய அளவுக்கு ரெண்டு மடங்குல கோட்ட பண்ணிட்டு பாதியா சுருக்குங்க, சரியாயிடும். பிளக்ஸுக்கு இந்த கவலையே வேணாம், பத்தடி தள்ளி நின்னு எவனும் படிக்கட்ட எண்ண மாட்டான்.

மூணாவது அம்பயர்: போன்ல பண்ற மாதிரி ஏதாவது ஆப்...

தம்பி, மேல ஏறி படி.

சின்னப்பொண்ணு: அண்ணா, நீங்க சொன்ன மாதிரி பண்ணிட்டேன், கூட்டம் அடங்கிடுச்சு. ஆனா மையம் மூஞ்சிலதான் வச்சிருக்கேன், எங்க அண்ணன் படம், அவனுக்கு மூஞ்சிதான் வேணுமாம்.

அவன் படம், அவன் இஷ்டம். வட்டத்த மட்டும் Ctrl+T போட்டு கொஞ்சம் நீட்டமா அமுக்குங்க, ஒளிவட்டம் மாதிரி தெரியாது.

பிளக்ஸ் பாய்: சரிண்ணே, ஒண்ணே ஒண்ணு. உங்க படத்துல அவன் தொட்டானா இல்லையா?

அடுத்த ஃப்ரேம் என்கிட்ட இருக்கு. போட மாட்டேன்.